டாக்டர்கிட்ட 160, வீட்ல ஒவ்வொரு தடவையும் ஒண்ணு: எதைங்க நம்புறது?

வேலந்தாவளம் தீவனக்கடை

வணக்கமுங்க. வயசு 46. செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் தள்ளி மாட்டுத்தீவனக் கடை வெச்சிருக்கேன். போன வாரம் தோள்பட்டை வலிக்குதுன்னு ஒரு கிளினிக் போனேன். டோக்கன் 43. ரெண்டு மணி நேரம் பெஞ்சுல உக்காந்திருந்தேன். நடுவுல ஒரு கட்டன் சாயா, கடையில இருந்து நாலு போன். உள்ள கூப்பிட்டதும் டாக்டர் சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுத்தி அமுக்கினார். 160/100. "பி.பி. நல்ல கூடுதலாணல்லோ"ன்னு சொல்லிட்டு ஒரு மாத்திரை எழுதினார். தினமும் காலைல ஒண்ணு, விடவே கூடாதாம். மொத்தம் மூணு நிமிஷம். தோள்பட்டையைப் பத்திப் பேச்சே வரலை.

வர்ற வழியில மெஷின் ஒண்ணு வாங்கிட்டேன். வீட்ல வெச்சா 156/98. உடனே மறுபடி வெச்சேன், 151/97. இன்னொரு தடவை, 163/101. வீட்டுக்காரம்மாவுக்கு அதே மெஷின்ல 118/76. அன்னிக்கு ராத்திரி மட்டும் 11 தடவை எடுத்தேனுங்க. குறைஞ்சது 144, கூடினது 168.

வெள்ளைக் கோட்டு பி.பி.ன்னு ஒண்ணு இருக்கு, டாக்டரைப் பார்த்தா மட்டும் ஏறும்னு படிச்சேன். ஆனா என் வீட்ல யாரும் கோட்டு போடலையே, இங்கயும் ஏறுதே? அப்பா 58 வயசுல ஸ்ட்ரோக்ல படுத்தவர், அதான் பயம். மாத்திரை அட்டையை இன்னும் பிரிக்கலை.

செங்கோட்டை வாத்தியார்

ஐயா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியன், வயது 71. பேட்டரி மெஷின்களை நம்பாதீர்கள், அவை வாய்க்கு வந்ததைச் சொல்லும். பாதரசக் கருவியில் டாக்டர் காதில் கேட்டு எடுப்பதுதான் உண்மையான அளவு. இன்னொன்று, வயதோடு நூறைக் கூட்டினால் வருவதுதான் மேல் அளவு என்பது எங்கள் காலத்துக் கணக்கு. உங்களுக்கு 146 வரை கவலை வேண்டாம். பலமுறை எடுத்தால் இருப்பதிலேயே குறைந்ததை எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் உடம்பு அமைதியாக இருக்கும்போதுள்ள அளவு.

களியக்காவிளை ஜங்ஷன்

மெஷின் எதுன்னு கேட்டா மணிக்கட்டுல கட்டுறதே நல்லது அண்ணே. சட்டையைச் சுருட்ட வேண்டாம், பையிலே போடலாம். மச்சான் துபாய்ல இருந்து கொண்டாந்தான், வாட்ச் மாதிரியே இருக்கு. ஒருதரம் எடுத்தா 121, படுத்துக்கிட்டு எடுத்தா 109. சூப்பரா வேலை செய்யுது.

மீனாட்சிபுரம் சிஸ்டர்

தம்பி, எது வாங்கலாம்னு நீங்க கேக்கலை, வாங்கினது சொல்றதை நம்பலாமான்னுதான் கேக்கறீங்க. நான் கேரளா ஹெல்த் சர்வீஸ்ல 31 வருஷம் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. கடைசி ஒன்பது வருஷம் குடும்ப ஆரோக்கிய கேந்திரத்துல பிரஷர், சுகர் கிளினிக்தான் என் வேலை. தினமும் அறுபது எழுபது கையில பட்டை சுத்தியிருக்கேன்.

முதல்ல நாலு விஷயம் சொல்லுங்க. அன்னிக்கு ராத்திரி எங்க உக்காந்து எடுத்தீங்க, கை எங்க இருந்துது? எடுக்கறப்ப யாராவது பேசிட்டு இருந்தாங்களா? பட்டையில 22–32 மாதிரி ஒரு நம்பர் அச்சடிச்சிருக்கும், அது என்ன? தையல்காரர் டேப்பால உங்க மேல் கையைச் சுத்தி அளந்தா எத்தனை சென்டிமீட்டர்? தோள் எலும்பு முனைக்கும் முழங்கைக்கும் நடுவுல அளக்கணும்.

நெஞ்சுவலி, மூச்சு வாங்கறது, ஒரு பக்கம் மரத்துப்போறது, பேச்சு குழறறது, பார்வை மங்கறது, இதெல்லாம் இருக்கா? சுகர், கிட்னி பிரச்சினை? அதையும் சேர்த்து எழுதுங்க.

வேலந்தாவளம் தீவனக்கடை

நீங்க சொன்ன எதுவுமே இல்லீங்க சிஸ்டர். சுகர் போன மாசம் பார்த்தேன், நார்மல்.

ராத்திரி சாப்பிட்டு முடிச்சு கட்டில் ஓரத்துல உக்காந்து எடுத்தேன். கால் தொங்கிட்டு இருந்துச்சு. கை மடியில, மெஷின் பக்கத்துல. வீட்டுக்காரம்மா நின்னுட்டு "எவ்வளவு, எவ்வளவு"ன்னு கேட்டுட்டே இருந்தா. நானும் ஒவ்வொரு தடவையும் சத்தமா வாசிச்சேன். பட்டையில 22–32 செ.மீ.ன்னுதான் போட்டிருக்கு. இப்ப டேப்பால அளந்தா 35. மூட்டை தூக்கி வளர்ந்த கையுங்க.

மீனாட்சிபுரம் சிஸ்டர்

அதான் பாதிக் கதை.

பட்டைக்குள்ள ஒரு காத்துப் பை இருக்கு. அது உங்க கையை நல்லா சுத்தி வந்தாத்தான் உள்ள இருக்கற ரத்தக்குழாயை ஒரே சீரா அமுக்கும். கை பெருசு, பை சின்னதுன்னா, அதே குழாயை மூட கூடுதல் அழுத்தம் வேணும். மெஷினுக்குக் காரணம் தெரியாது. அந்தக் கூடுதலையும் உங்க பிரஷர்னே காட்டும். கொஞ்சம் சின்னதா இருந்தா அஞ்சு பாயிண்ட் ஏறும், ரொம்பச் சின்னதுன்னா இருபதுகூட ஏறும். வீட்டுக்காரம்மாவுக்குச் சரியா காட்டினதும் அதனாலதான், அவங்க கை பட்டைக்குப் பொருந்துது. மெஷினை மாத்த வேண்டாம். அதே கம்பெனியோட 22–42 பட்டை தனியா கிடைக்கும், அதை வாங்குங்க. வேற கம்பெனி பட்டையை மாட்டிராதீங்க.

அடுத்தது கை. பட்டை இருக்கற இடம் நெஞ்செலும்போட நடுவுக்கு நேரா வரணும். அதுக்குக் கீழ ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் முக்கால் பாயிண்ட் கூடும். பத்து சென்டிமீட்டர் இறங்கினா ஏழெட்டு. குழாய்ல இருக்கற தண்ணியோட எடைதான், வேற மாயம் இல்லை. மணிக்கட்டு மெஷினை நாங்க சொல்லாததுக்கும் இதே காரணம். கையை எங்க வெச்சாலும் அது ஒரு நம்பர் சொல்லும். களியக்காவிளைக்காரர் 121, 109 ரெண்டு எழுதியிருக்கார் பாருங்க. பிரஷர் குறைஞ்சுதா, கை நெஞ்சைவிட மேல இருந்துதான்னு அவருக்கே தெரியாது.

பேச்சைச் சொல்லவே வேண்டாம். வீட்டுக்காரம்மாவுக்குப் பதில் சொல்லிட்டே எடுத்தா பத்து பாயிண்ட் சாதாரணமா ஏறும். முதுகுக்குச் சாய்மானம் இல்லாததும், கால் தொங்கினதும் அதோட சேரும்.

அப்புறம் 11 தடவை. வெள்ளைக் கோட்டுங்கறது கோட்டைப் பார்த்து வர்றது இல்லை தம்பி. "இப்ப என்ன நம்பர் வரப்போகுதோ"ன்னு உடம்பு உஷாராகுது பாருங்க, அதான். இத்தாலிக்காரங்க 1983ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. கை ரத்தக்குழாய்க்குள்ளயே குழாய் வெச்சு விடாம பிரஷர் பதிவாகறப்ப, டாக்டர் கட்டில் பக்கத்துல வந்து எடுத்தார். வந்த நாலு நிமிஷத்துக்குள்ள மேல் நம்பர் சராசரியா 27, கீழ் நம்பர் 15 ஏறிச்சு. அதே ஆளுங்க பின்னாடி நர்ஸை அனுப்பிப் பார்த்தப்ப ஏத்தம் பாதி அளவுதான். எங்க கிளினிக்ல இதைச் சொல்லித்தான் டாக்டர்களைக் கிண்டல் பண்ணுவோம். உங்க வீட்ல ஒரே ராத்திரி 11 தடவை அமுக்கினா மெஷினே டாக்டர் ஆயிடும்.

செங்கோட்டை வாத்தியார்

அம்மா சொல்வது சரி, கையைப் பற்றி நான் யோசித்ததில்லை. ஆனால் பாதரசம்தானே மூலம்? அதை வைத்துத்தானே மற்றவற்றைச் சோதிக்கிறார்கள்?

மீனாட்சிபுரம் சிஸ்டர்

சார், பாதரசத்தைக் குறை சொல்லலை. நல்ல காது இருக்கறவங்க நிதானமா இறக்கினா அதுதான் அளவுகோல். ஆனா 160/100ங்கற நம்பரைப் பாருங்க, ரெண்டும் பூஜ்யத்துல முடியுது. அவசரத்துல எல்லாரும் பக்கத்து பத்துக்கு உருட்டிருவோம், நானே உருட்டியிருக்கேன். நெரிசல் ஓ.பி.யில பாதரசம் உண்மை சொல்லும், கை பொய் எழுதும்.

பேட்டரி மெஷின் சத்தத்தைக் கேக்காது. பட்டை தளர்றப்ப ரத்தம் தட்டற துடிப்பை உணர்ந்து கணக்குப் போடும். அதனால இதயத் துடிப்பு தாறுமாறா இருக்கறவங்களுக்கு அது தடுமாறும். அந்த ஒரு இடத்துல நீங்க சொன்னது சரி. மத்தவங்களுக்குச் சோதிச்சு ஒத்துக்கிட்ட மாடலா இருந்தா போதும். stridebp.orgல மாடல் நம்பர் போட்டுப் பார்க்கலாம்.

வயசோட நூறைக் கூட்டற கணக்கை மட்டும் விட்டுருங்க சார். அந்தக் கணக்குப்படி உங்களுக்கு 171 நார்மல் ஆயிரும்! குறைஞ்ச நம்பரை எடுத்துக்கறதும் அப்படித்தான். பரீட்சையில பிள்ளைங்க அஞ்சு விடை எழுதினா பிடிச்சதுக்கு மட்டுமா மார்க் போடுவீங்க?

செங்கோட்டை வாத்தியார்

:) போட மாட்டேன். நான் மாத்திரை சாப்பிடுகிறேன், 148க்கு மேல் போவதில்லை என்று நிம்மதியாக இருந்தேன். டாக்டரிடம் கேட்கிறேன்.

நகரி விசைத்தறி

எனக்கு உல்டாவா நடக்குதுங்க. வயசு 39. கேம்ப் வந்தாலும் ஆஸ்பத்திரி போனாலும் 126/80, 124/82. எப்பவும் "மீக்கு பி.பி. லேது"ன்னு அனுப்பிடுவாங்க. மாமனார் வீட்ல மெஷின் இருக்கு, ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி விளையாட்டுக்கு வெச்சா 148/94. நாலு நாள் வெச்சேன், ஒரு நாள்கூட 140க்குக் கீழே வரலை. மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். மாமனாருக்கு மட்டும் சரியா காட்டுது. இதுக்கு என்ன கோட்டு?

மீனாட்சிபுரம் சிஸ்டர்

இதைத்தான் நான் அதிகமா பயப்படுவேன். வெளியில நல்ல பிள்ளை, வீட்ல வேற. மறைஞ்சிருக்கற பிரஷர். கிளினிக்ல நார்மல்னு அனுப்பிடறதால யாரும் தேட மாட்டாங்க. பீடி, சிகரெட் உண்டா? தறிச் சத்தத்துல எத்தனை மணி நேரம்?

நகரி விசைத்தறி

பன்னெண்டு மணி நேரம் அக்கா. பீடி ஒரு கட்டு ஆகும். கேம்ப்ல வரிசையில ரெண்டு மணி நேரம் பீடி இல்லாம நின்னேன்... ஓ. புரியுது.

மீனாட்சிபுரம் சிஸ்டர்

புரிஞ்சா சரி. ஆனா ஷிப்ட் முடிஞ்சு வந்த வேகத்துல எடுத்ததை வெச்சும் முடிவு பண்ண முடியாது. கடைசிப் பீடிக்கு அப்புறம் அரை மணி விட்டு, அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்து எடுங்க. தீவனக்கடைத் தம்பிக்குச் சொல்லப்போற ஏழு நாள் முறைதான் உங்களுக்கும். எழுதி எடுத்துட்டுப் போங்க. வாயால சொன்னா "கேம்ப்ல சரியா இருந்துச்சே"ன்னுதான் பதில் வரும்.

இனி தீவனக்கடை. இன்னிக்கே அந்த டாக்டருக்கோ உங்க வழக்கமான டாக்டருக்கோ போன் பண்ணி, "ஒரு வாரம் வீட்ல எடுத்துட்டு வரேன், அதுவரைக்கும் மாத்திரை தள்ளிப்போடலாமா?"ன்னு நேரா கேளுங்க. வேற நோய் இல்லாம 160ல இருக்கறவருக்குப் பெரும்பாலும் சரின்னுதான் சொல்லுவாங்க. ஆனா அதைச் சொல்ல வேண்டியது அவங்க, நான் இல்லை.

காலைல எழுந்து, பாத்ரூம் போய்ட்டு, சாயா குடிக்கறதுக்கும் சாப்பிடறதுக்கும் முன்னாடி எடுங்க. மாத்திரை சாப்பிடறவங்களா இருந்தா மாத்திரைக்கும் முன்னாடி. முதுகு சாயற நாற்காலி, ரெண்டு பாதமும் தரையில, கால் மேல கால் வேண்டாம். வெறும் கையில பட்டை, கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு ரெண்டு விரல் மேல. கையை மேஜை மேல விரிச்சு வைங்க, தூக்கிப் பிடிக்காதீங்க. அஞ்சு நிமிஷம் போன், டிவி, பேச்சு எதுவும் வேண்டாம். அப்புறம் ஒரு தடவை, ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அதே மாதிரி ரெண்டு. வந்ததை அப்படியே எழுதுங்க, பிடிக்கலைன்னு மூணாவது எடுக்கக் கூடாது. ஏழு நாள். முதல் நாளை விட்டுட்டு மிச்சம் 24க்குச் சராசரி போடுங்க.

முதல் நாள் மட்டும் ரெண்டு கையிலயும் எடுத்து, எதுல கூடுதலோ அந்தக் கையிலேயே தொடருங்க. 180/120 தாண்டிட்டா அஞ்சு நிமிஷம் விட்டு மறுபடி எடுங்க. அப்பவும் அப்படியேன்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட பேசிருங்க. கூடவே நெஞ்சுவலி, மூச்சு, வாய் கோணல் ஏதாவது இருந்தா மறுபடி எடுக்கறதெல்லாம் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி.

குமுளி ஏலக்காய்

அக்கா, நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். அம்மாவுக்கு 74 வயசு, ரெண்டு மாத்திரை சாப்பிடுறாங்க. மாசா மாசம் செக்கப்புக்கு பஸ்ல கூட்டிட்டுப் போவேன். அங்க எடுத்தா 170, 172. போன தடவை மூணாவது மாத்திரை சேர்த்துட்டாங்க. அதுல இருந்து காலைல கட்டில்ல இருந்து எந்திரிச்சா தலை சுத்துதுன்னு சுவரைப் பிடிக்குறாங்க. நேத்து வீட்ல எடுத்தேன், 112/64. மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் இந்த வெள்ளைக் கோட்டு வருமா?

மீனாட்சிபுரம் சிஸ்டர்

நல்லா வரும். பஸ், படி, வரிசை, "இந்தத் தடவை என்ன சொல்லுவாங்களோ"ங்கற கவலை, எல்லாம் சேர்ந்து 170. டாக்டர் அந்த 170க்கு மாத்திரை கூட்டுறார், வீட்ல இருக்கற 112 மேல அது விழுது. அம்மா கீழ விழறது இப்படித்தான்.

உக்கார வெச்சு ஒண்ணு எடுங்க. எந்திரிச்சு நின்னு ஒரு நிமிஷத்துல ஒண்ணு, மூணாவது நிமிஷத்துல ஒண்ணு. பக்கத்துல ஆள் நிக்கணும். மேல் நம்பர் 20ஓ அதுக்கு மேலயோ இறங்கினாலும், கீழ் நம்பர் 10ஓ அதுக்கு மேலயோ இறங்கினாலும் அதை எழுதி இன்னிக்கே டாக்டருக்குச் சொல்லுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. ஆனா அடுத்த மாச செக்கப் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம்.

குமுளி ஏலக்காய்

எடுத்தேன் அக்கா. உக்காந்து 114/66. நின்னு ஒரு நிமிஷத்துல 88/56. அம்மா உடனே உக்காந்துட்டாங்க, மூணாவது நிமிஷம் எடுக்க முடியலை. டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன். புதுசா சேர்த்த மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டார், நாளைக்கே கூட்டிட்டு வரச் சொன்னார். வீட்டு நோட்டும் கேட்டிருக்கார்.

வேலந்தாவளம் தீவனக்கடை (ஒன்பது நாள் கழிச்சு)

சிஸ்டர், முடிச்சுட்டேன். எங்க வழக்கமான டாக்டர்கிட்ட போன்ல கேட்டேன், ஒரு வாரம் எடுத்துட்டு வாங்கன்னார்.

கடை மேஜை தாழ்வு. அதுல கை வெச்சா பட்டை நெஞ்சுக்குக் கீழ போயிருச்சு. பழைய பற்று வரவுப் பேரேடு ரெண்டை அடுக்கி அது மேல கையை வெச்சேன், சரியா வந்துச்சு. கடன் பேரேடு பிரஷரைக் குறைக்கறது வாழ்க்கையில இதுதான் முதல் தடவை. புதுப் பட்டை வந்தன்னிக்குப் பழசையும் புதுசையும் மாத்தி மாத்தி வெச்சுப் பார்த்தேன். பழசுல 147, புதுசுல 140.

நோட்டுல இருக்கறது இதுங்க, காலை ரெண்டு, ராத்திரி ரெண்டு:

முதல் நாள்: 148/94, 142/90 – 144/92, 139/88
2: 138/88, 134/86 – 131/84, 128/82
3: 139/89, 135/87 – 130/83, 129/83
4: 136/88, 133/86 – 146/90, 141/88
5: 137/87, 134/87 – 129/82, 127/81
6: 135/88, 132/86 – 130/83, 128/82
7: 136/87, 134/86 – 131/84, 128/82

நாலாம் நாள் ராத்திரி ஒரு பார்ட்டியோட பாக்கி விஷயத்துல சத்தம் போட்டுட்டு வந்து எடுத்தேன். முதல் நாளை விட்டுட்டு 24க்கும் கால்குலேட்டர்ல போட்டா 133/85. இது நார்மலா, பிரஷரா?

நகரி விசைத்தறி

133தானே அண்ணா, 140க்குக் கீழே. பாஸ்!

மீனாட்சிபுரம் சிஸ்டர்

140/90 கிளினிக்கோட கோடு. வீட்ல எடுக்கற சராசரிக்குக் கோடு 135/85. வீட்ல உடம்பு அமைதியா இருக்கும்ல, அதனால கோடும் கீழ இருக்கு. இந்த ஒரு குழப்பத்துல எத்தனையோ பேர் "138தானே"ன்னு சந்தோஷமா திரியறாங்க.

தம்பி, 160 அளவுக்கு உங்களுக்கு இல்லைங்கறது இப்ப தெளிவு. கிளினிக்ல ஏறுது, அதுல சந்தேகம் இல்லை. ஆனா வெறும் வெள்ளைக் கோட்டுன்னு சொல்லி அனுப்பவும் எனக்கு மனசு வரலை. மேல் நம்பர் 133, கோட்டுக்குக் கீழ. கீழ் நம்பர் கோட்டு மேலயே நிக்குது. சண்டை போட்ட ராத்திரியை எடுத்துட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 132/85. சண்டைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. காலை 12ஐ மட்டும் தனியா போட்டா 135/87, ராத்திரி 132/84. உங்களுக்குக் காலைலதான் ஏத்தம். குறட்டை விடறவங்களுக்கு இப்படி ஏறலாம். குறட்டை உண்டா, வீட்டுக்காரம்மாகிட்ட கேளுங்க.

வேலந்தாவளம் தீவனக்கடை

கேக்கவே வேண்டாமுங்க, பக்கத்துல நின்னு சிரிக்கறா. பக்கத்து வீடு வரைக்கும் கேக்குமாம்.

செங்கோட்டை வாத்தியார்

அமெரிக்காவில் 2017லேயே 130/80 என்று கோட்டை இறக்கிவிட்டார்கள் என்று மகன் சொல்கிறான். அப்படியானால் இவர் கோட்டைத் தாண்டியவர்தானே? மாத்திரை போட்டுவிட வேண்டியதுதானே?

மீனாட்சிபுரம் சிஸ்டர்

இறக்கினது உண்மைதான் சார். ஆனா அவங்களும் அப்ப 130 தொட்ட எல்லாருக்கும் மாத்திரைன்னு சொல்லலை. ஆளோட மத்த ஆபத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்ணச் சொன்னாங்க. நாங்க கிளினிக்ல 140/90 வெச்சுத்தான் வேலை பார்த்தோம். இவருக்கு அப்பாவோட ஸ்ட்ரோக் இருக்கு, குறட்டை இருக்கு. என்னைக் கேட்டா இவருக்கு 24 மணி நேர மெஷின் கட்டிப் பார்க்கணும். எங்க பழைய டாக்டரா இருந்தா மூணு மாசம் உப்பையும் எடையையும் குறைச்சுட்டு மறுபடி ஏழு நாள் எடுக்கச் சொல்லுவார். ரெண்டுமே தப்பில்லை.

வேலந்தாவளம் தீவனக்கடை

இன்னிக்கு டாக்டரைப் பார்த்துட்டு வந்தேனுங்க. அவர் எடுத்தப்ப 152/94. நோட்டைக் காட்டினேன். ஒண்ணும் பேசலை. என்னைப் பக்கத்து ரூம்ல நாற்காலியில உக்கார வெச்சு, மெஷினை ஆன் பண்ணிட்டு, கதவைச் சாத்திட்டுப் போயிட்டார். அஞ்சு நிமிஷம் கழிச்சு அதுவா மூணு தடவை அமுக்கிச்சு. சராசரி 137/87. "கண்டோ, நான் போனா குறையுது"ன்னு அவரே சிரிச்சார்.

இப்போதைக்கு மாத்திரை வேண்டாம்னுட்டார். யூரின்ல புரோட்டீன், கிரியேட்டினின், ஈ.சி.ஜி. எழுதியிருக்கார். பாலக்காட்டுல 24 மணி நேர மெஷினுக்கு வர்ற சனிக்கிழமை நேரம் வாங்கிட்டேன். அதுல சராசரி 130/80 தாண்டினா மாத்திரை, இல்லேன்னா ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஏழு நாள் நோட்டு. வெள்ளைக் கோட்டுதான்னு ஆனாலும் வருஷா வருஷம் பார்க்கணுமாம், பின்னாடி எப்பவாவது நிஜப் பிரஷரா மாறலாமாம்.

தோள்பட்டை வலிக்கு மூட்டையை இடது தோளுக்கு மாத்தச் சொன்னார், அவ்வளவுதான்.

ஒரே சந்தேகம். சனிக்கிழமை எனக்கு லோடு வர்ற நாள். மெஷினைக் கட்டிட்டு மூட்டை இறக்கலாமா?

மீனாட்சிபுரம் சிஸ்டர்

கூடாது தம்பி. பகல்ல அரை மணிக்கு ஒரு தடவை, சில இடத்துல கால் மணிக்கு ஒரு தடவை தானா அமுக்கும். அமுக்கறப்ப கையைத் தொங்கவிட்டு அசையாம நிக்கணும். மூட்டையோட இருந்தா அளவு தப்பா வரும், இல்லேன்னா எடுக்கவே எடுக்காது. அதுக்காக வீட்ல படுத்தும் இருக்காதீங்க. கடையில உக்காருங்க, கணக்கு எழுதுங்க, வழக்கம்போல சாப்பிடுங்க. குளிக்க முடியாது, காலைலயே குளிச்சுட்டுப் போங்க. எத்தனை மணிக்குத் தூங்கினீங்க, எப்ப எழுந்தீங்கன்னு குறிச்சு வைங்க. ராத்திரி அமுக்கறப்ப முழிப்பு வரும், திட்டாதீங்க. பெரிய பட்டை வேணும்னு நேரம் வாங்கினப்பவே சொன்னீங்களா?

வேலந்தாவளம் தீவனக்கடை

சொல்லலையே! இப்பவே போன் பண்றேன்.

வேலந்தாவளம் தீவனக்கடை

பெரிய பட்டை ஒண்ணுதான் இருக்காம், சனிக்கிழமை வேற ஒருத்தருக்குப் போகுதாம். செவ்வாய்க்கிழமைக்கு மாத்திட்டேன். லோடும் தப்பிச்சுது.